கொப்பியில் கறுப்புக் கோடு: கண்ணாடியா, ட்ரம்மா?

ஹட்டனில் எங்கள் ஃபோட்டோகொப்பிக் கடைக்குத் தவணைப் பரீட்சை நேரத்தில் ஒரு சேர் வினாத்தாளோடு வந்தார். நாற்பது கொப்பி ஓடி முடிந்த பிறகுதான் பார்த்தோம், எல்லாத் தாளிலும் இடது ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. "ட்ரம் போயிட்டுது போல, தம்பி" என்றார் பக்கத்துக் கடை அண்ணன். மெஷினுக்குள் இருந்து தாளில் எழுத்தைப் பதிக்கும் உருளைதான் ட்ரம், அதை மாற்றுவது சில்லறைச் செலவில்லை, அதனால் முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

முதலில் அதே தாளை மேலே உள்ள ஃபீடரில் போடாமல் மூடியைத் திறந்து பெரிய கண்ணாடியில் வைத்து ஒரு கொப்பி எடுங்கள். கோடு இல்லையா? அப்படியானால் ட்ரம்மைத் தொடவே வேண்டாம். ஃபீடரில் போடும்போது தாள்தான் நகரும், ஸ்கேன் விளக்கு ஓரத்தில் உள்ள ஒடுக்கமான கண்ணாடிப் பட்டைக்குக் கீழே அசையாமல் நிற்கும், அதனால் அந்தப் பட்டையில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் அது முழுத்தாளிலும் கோடாக இழுபடும். பெரிய கண்ணாடியில் விளக்குதான் நகரும் என்பதால் அதே அழுக்கு அங்கே வெறும் புள்ளியாகத்தான் விழும்.

இரண்டு வழியிலும் கோடு வருகிறதா? அப்போது ஸ்கேனரையே விட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கமோ, மெஷினின் மெனுவிலிருந்து செட்டிங் பட்டியலோ பிரிண்ட் எடுங்கள். அதிலும் அதே இடத்தில் கோடு இருந்தால் கோளாறு உள்ளே, ட்ரம் பக்கம்தான்.

சேருடைய தாளில் பெரிய கண்ணாடிக் கொப்பி சுத்தமாக வந்தது. கோடு விழுந்த கொப்பியை முகம் கீழே இருக்க, தாள் ஓடும் திசையிலேயே பட்டைமேல் வைத்துப் பார்த்தேன், கோட்டுக்கு நேராக ஒரு துளி காய்ந்த டிப்பெக்ஸ்! வெள்ளைதானே என்று கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. மெஷினை அணைத்துவிட்டு, பஞ்சு பறக்காத துணியில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் தொட்டு (கண்ணாடியில் நேரே ஊற்றாதீர்கள், உள்ளே இறங்கிவிடும்) ஊறவைத்துத் துடைத்தேன், போய்விட்டது. பிளேடால் சுரண்டக் கூடாது, கீறல் விழுந்தால் கோடு நிரந்தரம். இங்கே பனிக்காலக் காலையில் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கும், அதையும் உலர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

ட்ரம்தான் என்று தெரிந்தால் அதைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்திருக்காதீர்கள், மேற்பரப்பில் விரலும் படக்கூடாது. சுற்றிவர ஓடும் கீறல் இடைவிடாத கோடாக வரும். சிறு பள்ளம் என்றால் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழும்: 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்ரம்மென்றால் ஏறக்குறைய 94 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஆனால் ட்ரம்மைத் துடைக்கும் ரப்பர் பிளேடில் தாள் தூசி சிக்கினாலும் இதே கோடு வரும், ட்ரம்மில் கீறல் தெரியாவிட்டால் டெக்னீஷியனிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறலைத் துடைத்துப் போக்க முடியாது, ட்ரம்மை மாற்றத்தான் வேண்டும். அதுவரை கடையை ஓட்ட வேண்டுமென்றால், கோடு ஓரமாக இருந்தால், மூலத்தாளைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், எழுத்தில்லாத மறு ஓரத்தில் கோடு விழ வாய்ப்புண்டு.