பிரெஞ்சுக் கணிதப் பாடநூலை ஆங்கிலமாக்கும்போது பூஜ்ஜியத்தையும் அரைப்புள்ளியையும் கவனியுங்கள்

பிரெஞ்சுப் பள்ளிக் கணிதத்தில் 'பொசிதிஃப்' என்றால் பூஜ்ஜியமும் அடக்கம். அதை விலக்க வேண்டுமானால் 'ஸ்த்ரிக்தமான்' என்ற சொல்லை முன்னால் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் 'பாசிட்டிவ்' பூஜ்ஜியத்தைச் சேர்க்காது என்பதால், தனித்து வரும் 'பொசிதிஃப்' என்பதை 'நான்-நெகட்டிவ்' என்றும், ஸ்த்ரிக்தமானோடு வருவதை வெறும் 'பாசிட்டிவ்' என்றும் எழுத வேண்டும். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள இடைவெளிக் குறியீட்டைப் பாருங்கள். வர்க்கமூலச் சார்பு எல்லா 'பொசிதிஃப்' எண்களுக்கும் வரையறுக்கப்பட்டது என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் [0; +∞[ என்றிருக்கும், இடப்பக்க அடைப்பு உள்நோக்கி இருப்பதே பூஜ்ஜியம் உள்ளே இருப்பதற்குச் சான்று. ஆங்கிலத்தில் அது [0, ∞) ஆகும்.

அரைப்புள்ளி அங்கே வருவதற்குக் காரணம், தசமத்துக்கு அவர்கள் காற்புள்ளி இடுவதுதான். ஆகவே [0,5; 2[ என்பதை மாற்றும்போது முதலில் தசமக் காற்புள்ளியைப் புள்ளியாக்கி, அதன்பிறகே அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக்குங்கள், [0.5, 2) கிடைக்கும். வரிசையை மாற்றினால் [0,5, 2) என்றாகி, எந்தக் காற்புள்ளி தசமம், எது பிரிப்பான் என்று கணினிக்கும் தெரியாது, சரிபார்ப்பவருக்கும் தெரியாது.

]0; 1[ என்பது (0, 1) ஆனதும் ஆயத்தொலைப் புள்ளி போலவே தோன்றும். வரைபடப் பாடங்களில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும் என்பதால், அங்கெல்லாம் முன்னால் 'இன்டர்வல்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுவது நல்லது.