அக்கி: முதல் மூன்று நாட்களில் நேரும் தவறுகள்

அக்கி தோலில் தெரிவதற்கு முன்பே நரம்பில் தொடங்கிவிடுகிறது. முதுகின் ஒரு பக்கத்திலோ விலா ஓரத்திலோ எரிச்சலும் குத்தலும் வரும். சிலருக்குச் சட்டைத் துணி உரசினாலே தாங்க முடியாத கூச்சம் இருக்கும். கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பே இவை தலைகாட்டுவதுண்டு. அந்த நாட்களில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால், இடப்பக்க மார்பில் வந்தால் மாரடைப்பு என்றும், இடுப்பின் பக்கவாட்டில் வந்தால் சிறுநீரகக் கல் என்றும், தோள்பட்டைக்குக் கீழே வந்தால் வாய்வுப் பிடிப்பு என்றும் நினைக்கத் தோன்றும். மார்பு வலி என்றால் இதயத்தைச் சோதித்துக்கொள்வது சரியான செயல்தான். ஈசிஜி இயல்பாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் வலியை மறந்துவிட்டு, அடுத்த சில நாட்கள் அந்த இடத்துத் தோலைப் பார்க்காமலே இருந்துவிடுவதுதான் தவறு. முதுகு தன் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், காலையும் மாலையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்வது, வலித்த இடத்தில் தைலத்தை அழுத்தித் தேய்த்து, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பது. அக்கியின் வலி அதனால் அடங்குவதில்லை. அதைவிடப் பெரிய கேடு, மறுநாள் அங்கே கொப்புளம் எழும்போது, தைலம் பொறுக்காமல் தோல் வெந்துவிட்டது என்றே வீட்டார் முடிவு செய்துவிடுவதாகும். அப்படி முடிவு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். மருத்துவரிடம் போகத் தோன்றாது. தைலத்தால் வெந்த தோல், கை தேய்த்த இடமெங்கும் ஒரே சீராகச் சிவந்திருக்கும். அக்கியிலோ சிவந்த திட்டுகளின் மேல் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழும். கொத்துகளுக்கு இடையே நல்ல தோல் தெரியும்.

இந்தக் கொத்துகள் வரிசையாக ஒரு பட்டையில் அமைவதற்குக் காரணம் உண்டு. சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடலை விட்டு முழுவதும் நீங்குவதில்லை; தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளாலோ, வேறு நோயாலோ உடலின் காவல் தளரும்போது, ஏதேனும் ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஒவ்வொரு நரம்பும் உடலின் ஒரு பாதிக்கு மட்டுமே உரியது. ஆகவேதான் கொப்புளங்கள் முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வந்தாலும், வயிற்றின் நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிடுகின்றன. ஒரு பக்கம், ஒரு பட்டை, வலியோடு கூடிய கொப்புளக் கொத்து ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் சோதனைச்சாலைப் பரிசோதனைகூடத் தேவைப்படாது; மருத்துவர் பார்த்தே சொல்லிவிடுவார்.

நடுக்கோட்டைத் தாண்டி அக்கி உடலை முழுவதும் சுற்றி வளைத்துவிட்டால் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. நரம்பின் அமைப்பை அறிந்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று: பட்டைக்கு வெளியே, உடலின் பல இடங்களில் அம்மை போலக் கொப்புளங்கள் சிதறித் தோன்றுவது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோருக்கு இப்படிப் பரவும் அபாயம் அதிகம். அவர்களுக்கு மாத்திரை போதாமல், மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற நேரிடலாம்.

72 மணி நேரக் கணக்கு

அக்கிக்கான மாத்திரை வைரஸைக் கொல்வதில்லை. அது பல்கிப் பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். புதிய கொப்புளங்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை தோன்றிக்கொண்டிருக்கும். வைரஸ் பெருகும் காலமும் ஏறத்தாழ அதுவே. பெருக்கம் முடிந்தபின் மருந்து கொடுத்தால் அதற்கு வேலை இராது. ஆகவே தோலில் மாற்றம் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் வழக்கம். அப்படித் தொடங்கினால் கொப்புளங்கள் விரைவில் காய்கின்றன. கடும் வலியின் நாட்கள் குறைகின்றன. பின்னாளில் நீடிக்கும் நரம்பு வலியை அது முற்றாகத் தடுத்துவிடும் என்று யாராவது உறுதி கூறினால் நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு ஆதாரம் கிடையாது.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 62 வயதான ஒருவருக்குத் திங்கள் மாலை வலப்பக்க விலாவில் எரிச்சல் தொடங்குகிறது என்று கொள்வோம். செவ்வாயன்று தைலம், புதனன்று வாய்வு மாத்திரை. வியாழன் காலை எட்டு மணிக்குக் குளிக்கும்போது முதுகின் வலப்பக்கம் சிவந்த திட்டுகள் இருப்பதை மகள் பார்க்கிறாள். இரவுக்குள் அவற்றின் மேல் நீர்க்கொப்புளங்கள் வந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை உறவினர் ஒருவர், வலி வந்து நாலு நாளாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்கிறார். அது தவறான கணக்கு. கடிகாரம் ஓடத் தொடங்கியது திங்களன்று அல்ல, வியாழன் காலையில். ஞாயிறு காலை எட்டு மணி வரை நேரம் இருக்கிறது. ஆனால் வார இறுதி நடுவில் வருகிறது. திங்களன்று மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் நான்காம் நாள் ஆகிவிடும். வெள்ளியன்றே போய்விடுவதுதான் சரி. ஒருவேளை திங்களே ஆகிவிட்டாலும், புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, முகத்தில் வந்திருந்தாலோ, எதிர்ப்பாற்றல் குறைந்தவராக இருந்தாலோ, மருத்துவர் அப்போதும் மாத்திரை எழுதுவார். நாள் கடந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடுவது இரண்டாவது தவறு.

தமிழ்நாட்டில் இந்த நாட்கள் கழிந்துபோவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அக்கி எழுதுவது பழைய வழக்கம். மட்பாண்டம் செய்பவர்கள் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேலும் சுற்றிலும் உருவங்களை வரைவார்கள். எழுதியவர்களுக்கெல்லாம் குணமாயிற்றே என்று கேட்பவருக்கு விடை எளிது: உடல்நலம் உள்ளவருக்கு அக்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் எதுவும் செய்யாமலே ஆறிவிடும். காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்றுத் தணிக்கவும் கூடும். வழக்கத்தில் நம்பிக்கை உள்ள பெரியவரிடம் வாதாடி ஒரு நாளை வீணாக்குவதைவிட, எழுதுவதற்கு முன்பு மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிடச் செய்வது பயன் தரும் என்பது என் கருத்து. உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் காவியோ மண்ணோ எதுவும் படக்கூடாது, சீழ் பிடிக்கும்.

மாத்திரையின் அளவில் நேரும் பிழை

மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கும்போது நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, ஏசைக்ளோவிர் களிம்பை மட்டும் வாங்கிப் பூசுவது. நரம்பு முடிச்சில் நடக்கும் வேலையை மேல்பூச்சு தொடுவதே இல்லை. அக்கிக்கு அது பயனற்றது. மற்றொன்று, குறைந்த அளவு. பெரியவர்களுக்கு அக்கிக்கான ஏசைக்ளோவிர் அளவு, 800 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள். அதாவது நாளொன்றுக்கு 4,000 மி.கி. வேறுவகை ஹெர்பிஸ் புண்களுக்குரிய 400 மி.கி. மாத்திரையை மூன்று வேளை விழுங்கினால் 1,200 மி.கி.தான் ஆகிறது, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் சிலர் இந்த வகையினர். காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஐந்து வேளை நினைவு வைத்துக்கொள்வது முதியவர்களுக்குச் சிரமம் என்பதால், மூன்று வேளை மட்டும் உட்கொள்ளும் வாலாசைக்ளோவிர் 1,000 மி.கி. மாத்திரையைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

இந்த அளவுகளைப் படித்துவிட்டுத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இம்மருந்துகள் சிறுநீரகம் வழியே வெளியேறுகின்றன. சர்க்கரை நோயாலோ முதுமையாலோ சிறுநீரகம் தளர்ந்தவருக்கு முழு அளவு கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி, மனக்குழப்பம், பிதற்றல், கை நடுக்கம் ஆகியவை வரலாம். வீட்டார் அதை நோய் முற்றியதாகவே எண்ணுவார்கள். கிரியாட்டினின் அளவு அண்மையில் பார்த்திருந்தால் அந்தச் சீட்டை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்து உண்ணும் நாட்களில் தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

முகத்தில் வந்தால்

நெற்றியின் ஒரு பக்கத்திலோ இமையிலோ கொப்புளம் வந்தால் 72 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கின் நுனியில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தாலும் அப்படியே. மூக்கு நுனிக்குச் செல்லும் அதே நரம்புக் கிளை கண்ணுக்குள்ளும் செல்வதால், கண் இன்னும் சிவக்காத நிலையிலும் கருவிழி பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. வீட்டில் பழைய கண் சொட்டு மருந்து இருக்கிறது என்று விட்டுக்கொள்வது ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். காதிலோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, அதே பக்கம் வாய் கோணினாலும் தலை சுற்றினாலும் காது மந்தமானாலும், பக்கவாதம் என்றோ காதில் சீழ் என்றோ வீட்டில் விவாதித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கொப்புளம் உலர்ந்து பொருக்குத் தட்டும் வரை அதன் நீரில் வைரஸ் இருக்கும். அது மற்றவருக்கு அக்கியைத் தராது. சின்னம்மை வராதவராகவும் அதற்கான தடுப்பூசி போடாதவராகவும் இருப்பவருக்குச் சின்னம்மையைத் தரும். கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தையையும் அதுவரை விலக்கி வைத்து, கொப்புளங்களைத் தளர்ந்த பருத்தித் துணியால் மூடினால் போதும். நோயாளியைத் தனியறையில் பூட்டி வைக்கத் தேவையில்லை.

பொருக்கு உதிர்ந்த பின்னும் வலி தொடர்ந்தால் அதை அக்கியின் மிச்சம் என்று பொறுத்துக்கொள்பவர்களே அதிகம். மூன்று மாதங்களைக் கடந்த வலி தனி நோயாகவே கருதப்படுகிறது. வயது ஏற ஏற அதன் வாய்ப்பும் ஏறுகிறது. சாதாரண வலி மாத்திரைகள் அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. நரம்பு வலிக்கென்றே உள்ள கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். தலைசுற்றலும் தூக்கமும் வரும் என்பதால், இரவில் எழுந்து நடக்கும் முதியவர் விழுந்துவிடாமல் முதல் சில வாரங்கள் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.