கபடிப் படத்தைக் காமிக்ஸ் ஆக்கும்போது கோடுகள் எங்கே தவறுகின்றன

மண் களத்தில் மாலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு கபடிப் படம். பாடி வந்தவர் எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுங்கிய நொடியில், வலப்புறமிருந்து ஓடிவந்த கார்னர் ஆட்டக்காரர் தோளைக் கொடுத்து டேஷ் அடிக்கிறார். தோள் மார்பில் படுகிறது, பாடி வந்தவரின் ஒரு கால் அந்தரத்தில், கீழே புழுதி. காமிக்ஸ் ஆக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ஆனால் நான் முதலில் மோதலைக் காட்டும் கோடுகளைப் போட்டு முடித்தபோது, இரண்டு பேரும் அசையாமல் நிற்க, பின்னால் ஒரு சூரியன் உதித்ததுபோல்தான் இருந்தது.

காரணம் எளியது. கோடுகள் எல்லாம் படத்தின் நடுவைப் பார்த்து ஓடின. மோதல் நடந்த இடமோ நடுவுக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே. ரெடிமேட் பிரஷ், ஸ்டிக்கர், பிஎன்ஜி படம் எதை எடுத்தாலும் கோடுகள் பெரும்பாலும் அதன் நடுவில்தான் குவியும். அதை அப்படியே படத்தின் மேல் விரித்துவிடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. குவியும் கோடுகள் வாசகரின் கண்ணைப் பிடித்து ஓரிடத்துக்கு இழுப்பவை. அங்கே ஒன்றும் இல்லையென்றால் கண் ஏமாந்து திரும்பிவிடும்.

இதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். காமிக்ஸில் கோடுகள் இரண்டு வகை. ஒரு புள்ளியை நோக்கிக் குவிபவை ‘இங்கே பார்’ என்கின்றன. ஓடும் ஆளின் முதுகுக்குப் பின்னால் இணையாக நீள்பவை ‘இவர் இந்தப் பக்கமாக வந்தார்’ என்கின்றன. டேஷ் படத்துக்குக் குவிகோடு பொருந்தும். தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறவரின் படத்துக்கு வேகக்கோடுதான் சரி. அதுவும் அவருக்குப் பின்னால் மட்டும். முன்னால் போட்டால் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டவர்போல் ஆகிவிடுவார். இரண்டு வகையையும் ஒரே படத்தில் சம பலத்தில் போட்டால் ஒன்று மற்றதை அடித்துவிடும்.

சரி, குவிகோட்டை நமக்கு வேண்டிய இடத்தில் எப்படிக் குவிப்பது? டேப்லெட் பேனா வைத்திருப்பவர்கள் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் Vanishing Point துணைக்கருவியை மோதல் புள்ளியில் வைத்து, Snap to Assistants போட்டுக்கொண்டு கையாலேயே வரையலாம். மவுஸ் மட்டும் இருப்பவர்களுக்குக் கிம்ப் என்ற பட மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. படம் 3000க்கு 2000 பிக்சல், மோதல் புள்ளி இடமிருந்து 1950, மேலிருந்து 850 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆகத் தொலைவான மூலை இடது கீழ் மூலை. தூரம் ஏறக்குறைய 2260 பிக்சல். ஆகவே ஆரம் 2500 இருந்தால் எல்லா மூலைக்கும் எட்டும். 5000க்கு 5000 அளவில், ஒளி ஊடுருவும் பின்னணியோடு தனியாக ஒரு புதுப் படம் திறங்கள். புகைப்படத்தின் மேலேயே இந்த அளவில் லேயர் எடுத்தால் கேன்வாஸுக்கு வெளியே தேர்வு செய்ய முடியாது, அதனால்தான் தனிப் படம்.

அந்தப் புதுப் படத்தின் லேயரில், அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி, ஊசி போன்ற முக்கோணங்களாக Free Select கருவியால் வளைத்துக் கறுப்பு நிரப்புங்கள். அடிப்பாகம் அகலம், முனை கூர்மை. முனைகள் மேல் விளிம்பிலிருந்து 1000 முதல் 1700 பிக்சல் வரை கீழே, வெவ்வேறு உயரங்களில் நிற்கட்டும். மேல் விளிம்பில் 40 பிக்சல் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பட்டையும் போடுங்கள். அப்புறம் Select > None கொடுத்துத் தேர்வை நீக்கிவிட்டு, Filters > Distorts > Polar Coordinates. லேயர் வட்டமாகச் சுருண்டு, முக்கோணங்கள் எல்லாம் நடுவை நோக்கித் திரும்பும். சிவப்புப் பட்டை சுருங்கி நட்ட நடுவில் ஒரு பொட்டாக நிற்கும். உள்ளே வெளியே மாறி வந்தால் Map from top தேர்வை மாற்றிப் பாருங்கள். இனி அந்த லேயரை நகலெடுத்துப் புகைப்படத்தில் புது லேயராக ஒட்டுங்கள். கேன்வாஸைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், அதுதான் தேவை. அதை நகர்த்தி, அந்தச் சிவப்புப் பொட்டைத் தோளும் மார்பும் தொடும் இடத்தில் வைத்துவிட்டு, பொட்டை அழித்துவிடலாம்.

முக்கோணம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நேரான பட்டைகளாக வரைந்தாலும் சுருண்டபின் உள்நோக்கி ஒடுங்கத்தான் செய்யும், ஆனால் உள்முனை மொட்டையாக வெட்டினாற்போல் நிற்கும். கண் அந்த மொட்டை முனைகளைச் சேர்த்து ஒரு வட்டமாகப் படித்துவிடுகிறது. கோடுகளுக்கு நடுவே ஒரு தட்டு தெரிகிறதென்றால் இதுதான் கோளாறு. முனைகளின் உயரம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் இதே தட்டு தெரியும்.

இடைவெளியும் அப்படித்தான். ஒரு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு என்று சீராகப் போனால் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி இருக்கும். நாலைந்து கோடுகள் நெருங்கி ஒரு கொத்து, பிறகு வெறும் இடம், பிறகு தனியாக ஒரு தடித்த கோடு என்று விட்டுவிட்டு வர வேண்டும். இந்தப் படத்தில் நான் வலப்பக்கக் கொத்துகளை அடர்த்தியாகவும் இடப்பக்கத்தை வெளிச்சமாகவும் வைத்தேன். விசை வலப்பக்கமிருந்து வருகிறது, ஆள் இடப்பக்கம் பறக்கிறார். அவர் போய் விழப்போகும் பக்கம் காலியாக இருந்தால்தான் அடுத்த கணத்தை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

அடுத்தது வரிசை. கோடுகளைப் போட்டுவிட்டு, பிறகு மொத்தப் படத்துக்கும் கார்ட்டூன் ஃபில்டர் கொடுத்தால், ஃபில்டர் ஒவ்வொரு கோட்டின் ஓரத்தையும் தேடி அதற்கு இன்னொரு ஓரம் வரைந்துவிடும். கோடுகள் இரட்டிப்பாகி அழுக்காகிவிடும். முதலில் புகைப்படத்தை முடிக்க வேண்டும், கடைசியாகத்தான் கோடு. மாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படம் என்றால் இன்னொரு படியும் உண்டு. அதில் இருக்கும் துகள் துகளான இரைச்சலை ஃபில்டர் ஓரம் என்று எண்ணி, முகமெல்லாம் கறுப்புப் புள்ளி தெளித்துவிடும். முன்கூட்டியே Filters > Blur > Selective Gaussian Blur கொடுத்துத் தோலையும் மண்ணையும் வழவழப்பாக்கிக்கொண்டால் இது பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று: ஷட்டர் மெதுவாக இருந்து கையும் காலும் இழுபட்டுப்போன படத்தில் இந்த வேலையே வேண்டாம். இழுபட்ட மங்கலும் கூர்மையான மைக்கோடும் ஒன்றையே இரண்டு விதமாகச் சொல்வதால் படம் ஒட்டாமல் நிற்கும்.

கோடுகள் ஆட்களின் மேல் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. படத்தின் நகலில் இரண்டு பேரையும் லேயர் மாஸ்க்கால் வெட்டி எடுத்து, கோட்டு லேயருக்கு மேலே வைத்தால் தீர்ந்தது. கபடிக்கே உரிய ஒரு சிக்கலைத்தான் நான் தாமதமாகக் கவனித்தேன். களத்தில் ஏற்கெனவே சுண்ணாம்புக் கோடுகள் இருக்கின்றன. முதல் முறை நான் வெள்ளையில் போட்ட குவிகோடுகளில் இரண்டு, எல்லைக்கோட்டோடு கலந்துவிட்டன. டேஷ் படத்தின் கதையே பாடி வந்தவரின் கால் எல்லைக்கு வெளியே போகிறதா என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கோடு எது என்று தெரியாமல் போனால் படம் அர்த்தமிழந்துவிடும். ஆகவே தரைப்பக்கம் வெள்ளைக்கோடு வேண்டாம். கறுப்பில் போடுங்கள், எல்லைக்கோட்டைச் சுற்றி ஒரு கை அகலம் காலி விடுங்கள். டென்னிஸ், பூப்பந்து போன்ற ஆட்டங்களின் படத்துக்கும் இது பொருந்தும்.

இனி மோதல் வெடிப்பு, அந்த முள்முள்ளான நட்சத்திரம். பெரிதாகப் போட்டால் அடி பலமாகத் தெரியும் என்று நினைத்துத் தோள், மார்பு, முகம் மூன்றையும் மூடிவிடுகிறார்கள். மோதலையே மறைத்துவிட்டால் மோதல் எங்கே தெரியும்? ஆட்டக்காரரின் தலை அளவு போதும். அதைவிட முக்கியம், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால் படத்தில் ஒட்டிய விலைச்சீட்டுபோல் இருக்கும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னால், அடிவாங்குபவரின் மார்புக்கு முன்னால் நுழைத்தால் இருவருக்கும் நடுவிலிருந்து பீறிட்டு வருவதுபோல் ஆகிவிடும். இதற்காக இருவரையும் தனித்தனி லேயராக வெட்டிக்கொள்வது நல்லது. முட்களில் இரண்டு மூன்றை விசை போகும் இடப்பக்கமாக நீட்டி, மற்றவற்றைக் குட்டையாக்குங்கள்.

சத்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் தமிழ்ப் படங்கள் பெரிதும் சறுக்குகின்றன. எதற்கெடுத்தாலும் ‘டமார்’ என்று போடுகிறார்கள். டமார் தகரத்துக்கும் வெடிக்கும் உரிய சத்தம். உடம்பில் உடம்பு மோதுவது ‘தொம்’, மண்ணில் விழுவது ‘தொப்’. நான் ‘தொம்’ எடுத்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிச் சாய்க்கும்போது கொம்பு, த, கால் மூன்றும் தனித்தனி வடிவங்களாக இருப்பதால், ஒன்றை நகர்த்தினால் மற்றது பின்தங்கிவிடும். கொம்பு தனியாக அநாதையாக நிற்கும். மூன்றையும் ஒரே எழுத்தாகக் கட்டிவைத்துவிட்டுத்தான் சாய்க்க வேண்டும்.

அப்புறம் புள்ளி. காமிக்ஸ் எழுத்துக்குத் தடித்த கறுப்பு விளிம்பு கொடுப்பது வழக்கம். அந்த விளிம்பு எழுத்துக்கு உள்பக்கமும் வளர்ந்தால் த எழுத்தின் சுழி அடைபடும், மகரத்தின் புள்ளி கறுத்துக் காணாமல் போகும். ‘தொம்’ என்பது ‘தொம’ ஆகிவிடும். விளிம்பை வெளிப்பக்கமாக மட்டும் வளருங்கள்: எழுத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, Select > Grow கொடுத்து, எழுத்து லேயருக்குக் கீழே ஒரு புது லேயரில் கறுப்பு நிரப்பினால் போதும். புள்ளியை நான் எழுத்துருவில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கையால் வரைந்து, கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். சொல்லின் சாய்வும் டேஷ் வந்த கோணத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். முதலில் தோளும் மார்பும் தொடும் இடம், அடுத்து அந்தரத்தில் இருக்கும் கால், அதன் பிறகுதான் ‘தொம்’. கண் இந்த வரிசையில் போக வேண்டும். முதல் முறை பார்த்தபோது சொல்தான் முன்னால் வந்தது. அதன் நிறத்தை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றி, அளவைக் கால்வாசி குறைத்தேன். காலுக்குப் பின்னால் இருந்த மூன்று கோடுகளையும் அழித்தேன். அந்தரத்தில் இருந்த கால் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.