நான்கு லைன்களுக்கு ஒரே இலக்கா? ஏஜென்சி விற்பனையாளர்களுக்கு இலக்கும் கமிஷனும் வகுக்கும் முறை

சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொடி போன்ற பொருள்களை மளிகைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு சிறிய ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கடைவீதி லைனையும், ஒருவர் நகரின் குடியிருப்புப் பகுதி லைனையும், ஒருவர் நெடுஞ்சாலை லைனையும், ஒருவர் கிராம லைனையும் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் 20,90,000 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. முதன்முறையாக இலக்கு போடும் முதலாளியோ மேற்பார்வையாளரோ அந்தத் தொகையை நான்கால் வகுப்பார், இல்லையென்றால் எல்லோருடைய பழைய விற்பனையிலும் 10 சதவீதத்தைக் கூட்டுவார். இரண்டுமே குழுவுக்குள் மனக்கசப்பை வளர்க்கும் வழிகள். அவற்றுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: ஒவ்வொரு லைனுக்கும் அடிப்படைத் தொகையைக் கண்டுபிடியுங்கள்

கடந்த மூன்று மாத பில்களை லைன் வாரியாகப் பிரித்து, திரும்பி வந்த சரக்கைக் கழித்துவிட்டு, மாதச் சராசரியை எடுங்கள். கல்யாண வீட்டுக்கென்று யாரோ மொத்தமாக வாங்கியது போன்ற, மறுபடி வராத பில்களையும் ஒதுக்கிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கடைவீதிக்கு 8,00,000, குடியிருப்புக்கு 5,00,000, நெடுஞ்சாலைக்கு 3,50,000, கிராமத்துக்கு 2,50,000 ரூபாய் வருகிறது. மொத்தம் 19,00,000.

பண்டிகை மாதமாக இருந்தால் மூன்று மாதச் சராசரி போதாது. சென்ற ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆனால் மாதத்தின் பெயரைப் பார்த்து ஒப்பிடக் கூடாது. தீபாவளி 2023இல் நவம்பர் 12 அன்றும், 2024இல் அக்டோபர் 31 அன்றும் வந்தது. 2023 நவம்பர் விற்பனையை வைத்து 2024 நவம்பருக்கு இலக்கு போட்டிருந்தால், பண்டிகை முடிந்து கடைகளில் சரக்கு தேங்கிக் கிடந்த மாதத்தில், எவ்வளவு ஓடியிருந்தாலும் அந்த விற்பனையாளரால் அதை எட்டியிருக்க முடியாது.

படி 2: எந்த லைனில் வளர இடம் இருக்கிறது என்று கணக்கிடுங்கள்

அடிப்படைக்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்த லைனில் இன்னும் நம்மிடம் வாங்காத கடைகளின் எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும். கிராம லைனில் 75 கடைகள் இருக்கின்றன, 50 கடைகள்தான் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் கடை ஒன்றுக்குச் சராசரி 5,000 ரூபாய். புதிய கடைக்காரர் முதல் மாதத்திலேயே பழைய கடை அளவுக்கு வாங்க மாட்டார் என்பதால், அதில் பாதியான 2,500 ரூபாயை வைத்துக்கொண்டு, மீதி 25 கடைகளில் 12 கடைகளைப் பிடிக்கலாம் என்று எடுத்தால் 30,000 ரூபாய் கூடுகிறது. கிராம லைனின் இலக்கு 2,80,000.

நெடுஞ்சாலையில் வாங்கும் 35 கடைகளின் சராசரி 10,000. பாதி அளவில் ஆறு புதிய கடைகள் என்றால் இலக்கு 3,80,000. குடியிருப்பு லைனிலும் சராசரி 10,000தான். அங்கே எட்டுப் புதிய கடைகள் என்று வைத்தால் 5,40,000. கடைவீதியிலோ 40 கடைகளும் ஏற்கெனவே வாங்குகின்றன. அங்கே புதிய சரக்கு வகைகளைச் சேர்த்து 30,000 கூட்டலாமே தவிர, மற்றவர்களைப் போல அவரும் 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 80,000 கேட்டால், அவர் அதைப் பக்கத்து லைன் கடைகளிலிருந்துதான் எடுப்பார். உள்போட்டி பல நேரம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆளின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் இலக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நான்கு இலக்குகளையும் கூட்டினால் 20,30,000 வருகிறது. கம்பெனி கேட்டதற்கு 60,000 குறைகிறது. இந்த 60,000 ரூபாயை யார் தலையிலும் கட்டாமல் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் இது பயன்படும்.

படி 3: கமிஷனை வகுத்தல்

பல இடங்களில் இரண்டு முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, விற்பனையில் ஒரு சதவீதம் என்று எல்லோருக்கும் கொடுப்பது. இதில் இலக்கை எட்டினால் கடைவீதிக்காரருக்கு 8,300 ரூபாயும், நாள் முழுக்க வண்டியில் ஊர் ஊராகச் சுற்றும் கிராம லைன்காரருக்கு 2,800 ரூபாயும் கிடைக்கும். விரைவிலேயே எல்லோரும் கடைவீதி லைனைக் கேட்பார்கள்.

மற்றொன்று, இலக்கை எட்டினால் முழுத் தொகை, எட்டாவிட்டால் ஒன்றுமில்லை என்பது. இதன் விளைவை நான் ஒரு ஏஜென்சியில் மேற்பார்வையாளராக இருந்தபோது நேரில் பார்த்திருக்கிறேன். மாதத்தின் கடைசி நாள் மாலையில், எங்கள் விற்பனையாளர் ஒருவர் தனக்குப் பழக்கமான கடையில் இருபது பெட்டி சோப்பை இறக்கிவிட்டு இலக்கை முடித்தார். ஆறாம் தேதி நான் அந்தப் பக்கம் போனபோது, பெட்டிகள் அரிசி மூட்டைக்கு மேலே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பெட்டிகளின் அடிப்பாகம் ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தது. "தம்பி, பையன் கெஞ்சினானேன்னு வாங்கி வச்சேன். எனக்கு மாசத்துக்கு நாலு பெட்டிதான் ஓடும். வண்டி வந்தா மிச்சத்தை ஏத்திட்டுப் போயிடுங்க" என்றார் அண்ணாச்சி. அந்த விற்பனையாளர் நேர்மையில்லாதவர் அல்லர். பத்தாயிரம் ரூபாய் குறைந்ததற்காக ஒரு மாதக் கமிஷன் முழுவதும் போய்விடும் என்ற நிலையில் அவரை நிறுத்தியது நாங்கள்தான்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, லைன் எதுவானாலும் இலக்கை எட்டினால் எல்லோருக்கும் ஒரே தொகை என்னும் முறை. அந்தத் தொகை 4,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் 3,000 ரூபாய் அடிப்படையைக் காப்பாற்றுவதற்கு உரியது: அடிப்படையில் 80 சதவீதத்தைத் தாண்டிய ஒவ்வொரு சதவீதத்துக்கும் 150 ரூபாய். மீதி 1,000 ரூபாய் அடிப்படையிலிருந்து இலக்கு வரை ஏறிய விகிதத்துக்கு ஏற்பக் கிடைக்கும். இலக்குக்கு மேல் விற்றதற்கு 2 சதவீதம். எக்செல் தாளில் B பத்தியில் அடிப்படை, C பத்தியில் இலக்கு, D பத்தியில் உண்மை விற்பனை இருந்தால் சூத்திரம் இது:

```
=MAX(0,MIN(3000,(D2/B2-0.8)*15000))+MAX(0,MIN(1000,(D2-B2)/(C2-B2)*1000))+MAX(0,D2-C2)*0.02
```

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைவீதி 8,15,000 விற்றால் 3,500 ரூபாய் கமிஷன். குடியிருப்பு 4,85,000 விற்று அடிப்படைக்கே சற்றுக் குறைந்தால் 2,550. நெடுஞ்சாலை 3,86,000 விற்றால் 4,120. கிராமம் 2,74,000 விற்றால் 3,800. எட்டினால் மட்டுமே கமிஷன் என்ற பழைய முறையில் நெடுஞ்சாலைக்காரரைத் தவிர மூவரும் வெறுங்கையோடு போயிருப்பார்கள். கிராம லைனில் 24,000 ரூபாயைப் புதிதாகக் கொண்டுவந்தவரும் அவர்களில் ஒருவர்.

அறிவிக்கும் முன் உங்கள் லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு நிற்கும் லாபம் 5 சதவீதம் என்றால், கூடுதலாக வரும் 30,000 ரூபாயில் 1,500 நிற்கும். அதில் 1,000 கொடுப்பது தாங்கும். உங்கள் லாபம் 3 சதவீதம்தான் என்றால் இதே எண்கள் கையைக் கடிக்கும், குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கமிஷன் சம்பளத்துக்கு மேல் தருவதே தவிர, சம்பளத்துக்கு மாற்று அல்ல.

இன்னொன்று, பில் போட்ட நாளில் அல்ல, பணம் வசூலான நாளில்தான் அந்த விற்பனை கமிஷன் கணக்கில் ஏற வேண்டும். காசோலை என்றால் வங்கியில் பணமான பிறகு. அப்போது கடைசி நாளில் பெட்டிகளை இறக்குவதால் எந்தப் பயனும் இருக்காது. இப்படி மாற்றினால் அடிப்படையையும் வசூலான தொகையை வைத்தே கணக்கிட வேண்டும். மாற்றும் மாதத்தில் பழைய பில்களின் வசூல் விடுபட்டுப்போய் யாருக்கும் நஷ்டம் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: 60,000 ரூபாயைக் குழுவின் பொது இலக்காக வையுங்கள்

நான்கு பேரும் சேர்ந்து 20,90,000 எட்டினால் 2,000 ரூபாய் பொதுத் தொகை, ஆளுக்கு 500 சமமாகப் பிரிக்கப்படும் என்று அறிவியுங்கள். தொகை சிறியதுதான், ஆனால் பக்கத்து லைனில் புதிய மெஸ் ஒன்று திறக்கப்போகிறது என்ற செய்தி ஒருவர் காதில் விழும்போது, அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் உரியவரிடம் சொல்ல இது ஒரு காரணமாகிறது. முதலிடம், கடைசி இடம் என்று பெயர் எழுதும் பலகையை அலுவலகச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். வேறு வேறு லைன்களை ஒரே வரிசையில் நிறுத்தும் பலகை உழைப்பைக் காட்டாது. குழுவின் மொத்தம் 20,90,000இல் எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதினால் போதும்.

படி 5: தகராறு வரக்கூடிய இடங்களுக்கு முன்கூட்டியே விதி எழுதுங்கள்

பில் முகவரி எந்த லைனில் இருக்கிறதோ, அந்தக் கடை அந்த லைனுக்கே சொந்தம். ஆர்டரை வேறொருவர் எடுத்தாலும், கடைக்காரர் நேராக முதலாளிக்கு போன் செய்தாலும் கணக்கு அங்கேதான் ஏறும். விடுப்பில் இருப்பவரின் லைனைப் பார்த்துக்கொண்டவருக்கு அன்றைய விற்பனையில் பாதி. ஸ்கீமில் வரும் இலவசச் சரக்கை எல்லாக் கடைகளுக்கும் ஒரே அளவில்தான் கொடுக்க வேண்டும். எல்லையிலுள்ள கடையில் ஒருவர் இரண்டு பாக்கெட் கூடுதலாகக் கொடுத்தால், அடுத்த வாரம் மற்றவர் நான்கு கொடுக்க வேண்டிவரும். சரக்கு தட்டுப்பாடாக வரும்போது, காலையில் முதலில் வந்தவர் அள்ளிக்கொள்ளாமல், அந்தச் சரக்கின் கடந்த மூன்று மாத விற்பனை விகிதப்படி நான்கு லைன்களுக்கும் பிரிக்க வேண்டும். கம்பெனியே சரக்கு அனுப்பாத நாள்களுக்கு இலக்கைக் குறைக்க வேண்டும்.

ஒரு கடையை ஒரு லைனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், அந்தக் கடையின் அடிப்படைத் தொகையும் கூடவே போக வேண்டும். இதை மறந்தால், கடையை இழந்தவருக்குப் பழைய இலக்கும், பெற்றவருக்கு உழைக்காத கமிஷனும் மிஞ்சும்.

படி 6: தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள்

மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு நால்வரையும் உட்காரவைத்து, அடிப்படை, வாங்காத கடைகளின் பட்டியல், இலக்கு மூன்றையும் காட்டுங்கள். "சார், இந்த 25 கடையில ஆறு கடை மூடியே ஒரு வருஷம் ஆச்சு" என்று கிராம லைன்காரர் சொன்னால், அந்தத் திருத்தத்தை அப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பின் மூன்று மாதங்களுக்கு இலக்கைத் தொடக் கூடாது. ஒரு மாதம் நன்றாக விற்றவருக்கு உடனே அடுத்த மாத இலக்கை ஏற்றினால், அவர் கையில் இருக்கும் ஆர்டரை அடுத்த மாதத்துக்கு ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வார்.

மூன்று மாதங்கள் முடிந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். மாதத்தின் கடைசி மூன்று நாள்களில் போட்ட பில்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு, அடுத்த மாதத்தின் முதல் பத்து நாள்களில் திரும்பி வந்த சரக்கு எவ்வளவு. இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சரக்கு இன்னும் திணிக்கப்படுகிறது என்று பொருள். ஒரே லைன் மூன்று மாதமும் இலக்கைத் தாண்டி, இன்னொன்று மூன்று மாதமும் பின்தங்கினால், இரண்டு விற்பனையாளர்களையும் ஒரு மாதம் லைன் மாற்றிப் பாருங்கள். ஆள் மாறியும் எண் மாறாவிட்டால், அந்த லைன்களின் அடிப்படையை மறுபடி கணக்கிட வேண்டும்.