பாத்ரூம் மூலையில் முடி விரிசல்: ஒயிட் சிமென்டுக்குப் பதில் சிலிக்கான்

எங்கள் பாத்ரூமில் சுவர் டைல்ஸும் தரை டைல்ஸும் சேரும் மூலையில் மூன்று முறை ஒயிட் சிமென்ட் பூசிப் பார்த்தேன். சில மாதத்தில் அதே இடத்தில் முடி போல விரிசல் வந்துவிடும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் சுவர் ஒரு பக்கம் அசையும், தரை ஒரு பக்கம் அசையும். ஒயிட் சிமென்டுக்கு வளையத் தெரியாது. எபாக்ஸி க்ரௌட்டும் அந்த மூலையில் கடினம்தான். அங்கே வேண்டியது ரப்பர் போல இழுபடும் சிலிக்கான் சீலன்ட்.

கடையில் ‘நியூட்ரல் க்யூர், சானிட்டரி’ என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவான ரகம் சிமென்டில் சரியாகப் பிடிக்காது, மார்பிளில் கறை வைக்கும். இடைவெளி 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் என்றால் 280 மி.லி. டியூப் ஏழரை மீட்டர் வரை வரும்.

முதலில் பழைய க்ரௌட்டைச் சுரண்டி எடுங்கள். பிளேடு வேண்டாம், க்ரௌட் ரம்பம்தான் கைக்கு அடங்கும். தூசியைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் அந்த பாத்ரூமுக்குப் பூட்டு. ஈரத்தின் மேல் போட்டால் ஒட்டாது.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். முதல் தடவை இடைவெளி முழுக்க சிலிக்கானை அடைத்தேன். அது சுவர் டைல், தரை டைல் இரண்டிலும் ஒட்டியதோடு அடியில் இருந்த சிமென்டிலும் ஒட்டிக்கொண்டது. மூன்று பக்கமும் பிடித்துவிட்டால் இழுபட இடமில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஓரமாகக் கிழிந்தது. ரப்பர் பேண்டின் நடுவிலும் பசை தடவி ஒட்டிவிட்டு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். அதனால் அடியில் ஒட்டாத ஒன்று வேண்டும். ஆழம் இருந்தால் இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த, பேக்கர் ராட் என்ற நுரைக் கயிற்றை (6 மி.மீ.க்கு 8 மி.மீ.) அழுத்திச் செருகுங்கள். ஆழம் இல்லையென்றால் அடியில் மட்டும் படும்படி பார்சல் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினால் போதும்.

அப்புறம் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கான் டியூப் மாட்டிய கன்னை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு முறை தடவி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

சுவரும் சுவரும் சேரும் நிமிர்ந்த மூலைகளுக்கும் இதே வேலைதான். ஆனால் விரிசல் டைலையே பிளந்திருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரை நனைந்தாலோ சிலிக்கான் உதவாது. அங்கே கோளாறு கட்டுமானத்திலோ வாட்டர்ப்ரூஃபிங்கிலோ இருக்கும்.

பின்சேர்க்கை: ஒரே வாரத்தில் உரிந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய சிலிக்கானின் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார். காய்ந்த சிலிக்கானில் புது சிலிக்கான் பிடிக்காது. பழையதைத் துளி மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.