போர்டுக்கான முகப்புப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை மாணவர்களின் ஜூரிக்கு முந்தின நாள் பிளாட்டர் கடை வாசலில் நின்று பாருங்கள். ஒரே தவறை ஆண்டுதோறும் புதுப் பையன்களும் பெண்களும் செய்துகொண்டிருப்பார்கள். சாய்ந்த சுவர், மங்கலான டெக்ஸ்சர் எல்லாம் யார் கண்ணிலும் படும்; அவற்றை விட்டுவிடலாம்.

வானத்தை ரெண்டருக்குப் பிறகு யோசிப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். மென்பொருள் தரும் 16:9 ஃப்ரேமிலேயே படத்தை முடித்துவிடுகிறார்கள். நெட்டுவாக்கில் வைத்த A1 போர்டில் படம் உட்காரும் மேல்பாதியோ 594 × 420 மி.மீ.; விகிதம் ஏறக்குறைய 1.41. உயரத்தை நிரப்பினால் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். முன்னால் மூலையில் தொங்கவிட்ட மரக்கிளை போய்விடும், படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் நிறுத்திய வீடும் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். வெட்ட மனமில்லாமல் மேலே வானத்தை ஒட்டினால் கதை இன்னும் மோசம். ஃப்ரேம் விளிம்பில் முடிந்திருந்த கிளை, இப்போது ரம்பத்தால் அறுத்ததுபோல் நடுவானில் தொங்கும். கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி ரெண்டர்.

போர்டின் கட்டத்தை முதலில் வரைந்து, அதே விகிதத்தைக் கேமராவுக்குக் கொடுங்கள். 150 டிபிஐ அச்சுக்கு 3508 × 2480 பிக்சல் போதும்.

7 மீட்டர் உயர மாடிவீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமரா 1.6 மீட்டர் உயரத்தில், 28 மி.மீ. லென்ஸ் (36 மி.மீ. சென்சார்), வீட்டின் அருகு மூலையிலிருந்து 18 மீட்டர் தள்ளி. கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள், சுவர்கள் உள்பக்கம் சாயும். மட்டமாகவே வைத்து லென்ஸை மேலே நகர்த்துங்கள். பிளெண்டரில் Shift Y 0.118. அடிவானம் கீழ் மூன்றிலொரு கோட்டுக்கு இறங்கும், அந்த மூலையின் உச்சி மேல்கோட்டைத் தொடும். அதற்கு மேலுள்ள பங்கு முழுக்க வானம். மூலையை வலது கோட்டில் நிறுத்தினால் இடப்பக்க வானம் தலைப்புக்குக் கிடைக்கும்.

கிளையும் தலைப்பும் ஒரே மூலையில்

கூடாது. தலைப்பு இடப்பக்கம் என்றால் கிளை வலப்பக்கம்.

இலையின் அளவு

கிளை கேமராவிலிருந்து 3 மீட்டரில் இருந்தால், அங்கே ஃப்ரேமின் மேல்விளிம்பு தரையிலிருந்து சுமார் 3.4 மீட்டர். அதற்குக் கீழே அரை மீட்டர் தொங்கினால் போதும், கூரையைத் தொடாது. 6 செ.மீ. வேப்பிலை அச்சில் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக விழும். மாவிலை அதே இடத்தில் மூன்று செ.மீ. வரை வரும், பார்ப்பவர் வீட்டை விட்டுவிட்டு இலையைத்தான் பார்ப்பார். ஒட்டின படமா என்று கண்டுபிடிக்க வெயிலைப் பாருங்கள்: சுவரில் இடப்பக்க வெயில், இலையில் வலப்பக்க வெயில் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இலை ஓரத்தில் வெள்ளைக்கோடு

திரையில் முழுப்படமாகப் பார்த்தால் தெரியாது, அச்சில் தெரியும். 100% பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மேகம்

தலைப்புக்குப் பின்னால் வேண்டாம்.