எல்.சி. ஆவணங்களில் பிழை பிடிப்பது: கப்பல் திகதியில் நான் சறுக்கிய கதை

எல்.சி. என்பது, கேட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் ஏற்றுமதிக்காரருக்குப் பணம் தருவதாக வங்கி உறுதிகூறும் கடிதம். அதை அச்செடுத்து மேசையில் வையுங்கள். கைபேசித் திரையில் சரிபார்க்கிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, பென்சிலும் அடிமட்டமும் போதும்.

என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மா, 400 பெட்டி, 24,000 டொலர், கொழும்பில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு. காப்புறுதியும் எங்கள் பொறுப்பு.

முதலில் எல்.சி.யின் 45A என்ற பகுதியில் உள்ள பொருள் விபரத்தை இன்வொய்ஸோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இன்வொய்ஸ் அதற்குப் பொருந்தியே ஆகவேண்டும். பொதி விபரப் பட்டியலில் சுருக்கமாக எழுதினாலும் பரவாயில்லை, முரண்படாமல் இருந்தால் சரி.

அடுத்தது திகதி. இங்கேதான் நான் விழுந்தேன். கப்பல் நிறுவனம் தரும் சரக்குப் பத்திரமான பில் ஒஃப் லேடிங்கின் அடியில் வழங்கிய திகதி மார்ச் 12, காப்புறுதிப் பத்திரத்தில் மார்ச் 10. காப்புறுதி முந்தி, கப்பல் பிந்தி, எல்லாம் சரி என்று கட்டி அனுப்பிவிட்டேன். வங்கியில் இருந்த அண்ணை கூப்பிட்டு, "தம்பி, கப்பலில ஏத்தின திகதியைப் பாத்தீரோ?" என்றார். பில்லின் நடுவில் சின்ன முத்திரை ஒன்று:

```
SHIPPED ON BOARD 08 MAR
```

எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600-இன்படி இப்படித் திகதியோடு முத்திரை இருந்தால் அதுதான் ஏற்றுமதித் திகதி, அடியில் உள்ளதல்ல. அப்போது என் காப்புறுதி இரண்டு நாள் பிந்திவிட்டது! காப்புறுதி ஏற்றுமதித் திகதிக்குப் பிந்தியிருக்கக் கூடாது, அல்லது அன்றிலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ செல்லுபடியாகும் என்று பத்திரத்திலேயே தெரியவேண்டும். நல்லகாலம், காப்புறுதிக்காரர் மார்ச் 8 முதலே பொறுப்பேற்றிருந்தபடியால் அதைக் குறித்து ஒரு திருத்தம் எழுதித் தந்தார்கள். பொறுப்பேற்காத பழைய நாளைத் திகதியாகப் போடச் சொல்லிக் கேட்கவே கூடாது.

இதே முத்திரை இன்னோர் இடத்திலும் கடிக்கும். எல்.சி. வேறு நாள் சொல்லாவிட்டால், ஏற்றுமதியிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும், அதுவும் 31D-யில் உள்ள காலாவதித் திகதிக்குப் பிந்தாமல். 12-இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 2, 8-இலிருந்து எண்ணினால் மார்ச் 29. நான் முதலாவதை நம்பிக்கொண்டு இருந்தேன். ஆகவே பில் கையில் கிடைத்ததும் முத்திரையை வட்டமிட்டு, 44C-யில் உள்ள கடைசி ஏற்றுமதித் திகதியோடு பார்த்துவிட்டு, மற்ற எல்லாத் திகதியையும் அதிலிருந்தே எண்ணுங்கள்.

காப்புறுதித் தொகையையும் ஒருக்கா பாருங்கள்: எல்.சி. வேறு சொல்லாவிட்டால் குறைந்தது 110 வீதம், அதாவது 26,400 டொலர். 24,000-க்கு எடுத்தால் திருப்பிவிடுவார்கள்.

பின்சேர்க்கை: 400-க்கு 390 பெட்டிதான் ஏற்றினால் அளவு 5 வீதம் கூடிக் குறையலாம் என்ற சலுகை கிடைக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்காது. எடை, நீளம், கொள்ளளவு போன்றவற்றில் சொன்ன சரக்குக்குத்தான் அது, பெட்டி எண்ணிக்கையில் சொன்னதற்கு அல்ல. பகுதி ஏற்றுமதிக்குத் தடை இல்லாவிட்டால் மட்டும் 390-ஐ அப்படி அனுப்பலாம், 43P-ஐப் பாருங்கள்.